அடிக்கட்டையின் படத்தில் வளையம் எண்ணுதல்: எந்த முறையைத் தேர்வது?

ஊரில் வரப்போரத்துத் தேக்கு ஒன்றை வெட்டினார்கள் என்றால், அதன் அடிக்கட்டையின் படம் சில நிமிடங்களில் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. மரத்துக்கு எத்தனை வயது, மீதி மரங்கள் இன்னும் பெருக்கின்றனவா, இப்போதே விற்கலாமா என்ற கேள்விகளும் உடன் வருகின்றன. படத்திலுள்ள வளையங்களைக் கொண்டு இவற்றுக்கு விடை தேட நான்கு வழிகள் உள்ளன. வந்த படத்தையே விரலால் பெரிதாக்கி எண்ணலாம். சுருக்கப்படாத மூலப் படத்தை வாங்கி, நான்கு திசைகளில் கோடு போட்டு எண்ணலாம். கணினி மென்பொருளில் ஒளிச்செறிவு வரைபடம் எடுத்து எண்ணலாம். வெட்டுமுகத்தை இழைத்துத் தேய்த்து மறுபடியும் படம் பிடிக்கச் சொல்லலாம். இவை ஒரே விடையைத் தருவதில்லை. பட்டுக்கோட்டைப் பக்கத்து நண்பர் ஒருவரின் தேக்குக்கட்டையில் இந்நான்கையும் வைத்துப் பார்த்ததில் கிடைத்த வேறுபாடுகளைக் கொண்டு, எதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை இங்கே விளக்குகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வளையம் ஒன்றுக்கு ஓராண்டு என்ற கணக்கு எல்லா மரத்துக்கும் எல்லா இடத்துக்கும் செல்லாது. மரத்தின் வளர்ச்சி ஆண்டில் ஒருமுறை நின்று மீண்டும் தொடங்கினால்தான் எல்லைக்கோடு ஆண்டுக்கு ஒன்றாக விழும். குளிர்நாடுகளில் அந்த நிறுத்தத்தைக் கடுங்குளிர் உண்டாக்குகிறது; நம் ஊரில் வறண்ட கோடை உண்டாக்குகிறது. சிங்கப்பூரில் இரண்டும் இல்லை. இங்கே மழை குறைந்த மாதமான பிப்ரவரியிலும் சராசரியாக 100 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம், இங்குள்ள மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்ப்பதைப் பல ஆண்டுகள் தொடர்ந்து குறித்துவைத்து, பல மரங்களின் இலைமாற்றச் சுற்று பன்னிரண்டு மாதத்தோடு பொருந்துவதில்லை என்று 1930களிலேயே காட்டினார். ஆகவே நம் குடியிருப்புப் பேட்டையில் வெட்டப்பட்ட தூங்குமூஞ்சி மரத்தின் அடிக்கட்டையில் அழகான வட்டங்கள் தெரிந்தாலும், அவற்றை எண்ணி வயது சொல்வது தவறான துல்லியமாகும். அத்தகைய மரத்துக்கு நட்ட ஆண்டின் பதிவு, பழைய வான்படங்கள், இரு வேறு ஆண்டுகளில் எடுத்த சுற்றளவு ஆகியவையே சான்றுகள். படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் இல்லாத செய்தியை அதிலிருந்து எடுக்க முடியாது.

தேக்கு இதற்கு நேர்மாறானது. கோடையில் இலையை முழுவதும் உதிர்த்துவிட்டு, தளிர்க்கும்போது அகன்ற நீர்க்குழாய்த் துளைகளை ஒரு வரிசையாக உண்டாக்குகிறது. பருவம் போகப்போகத் துளைகள் சிறுத்து, மரம் இறுகி, அடுத்த தளிர்ப்பில் மறுபடி அகன்ற துளை வரிசை வருகிறது. ஜாவாவின் தேக்கு வளையங்களைக் கொண்டு பெர்லாகே என்ற டச்சு ஆய்வாளர் 1931இலேயே சில நூற்றாண்டுகளுக்கான வளைய வரிசையை அமைத்தார் என்றால், வறண்ட பருவம் உள்ள இடத்தில் இம்மரத்தின் வளையத்தை எவ்வளவு நம்பலாம் என்பது விளங்கும். அதே தேக்கைச் சிங்கப்பூரில் நட்டால் இந்த உறுதி குறைந்துவிடும். எனவே கேட்க வேண்டிய முதற்கேள்விகள் இரண்டு: இது என்ன மரம், எங்கே வளர்ந்தது.

நண்பரின் கட்டை

நண்பரின் தம்பி 2025 பிப்ரவரியில், மரம் இலையற்று நின்றபோது, தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் அதை வெட்டினார். இந்த இரண்டு விவரங்களும் படத்தைவிட முக்கியமானவை. இலையற்ற காலத்தில் வெட்டியதால், பட்டைக்கு உள்ளே இருக்கும் கடைசி வளையம் 2024க்கு உரிய முழு வளையம் என்று கொள்ளலாம். ஆகஸ்டில் வெட்டியிருந்தால் கடைசி வளையம் பாதிதான் இருக்கும். அதை வயதில் சேர்க்கலாம், வளர்ச்சிச் சராசரியில் சேர்க்கக் கூடாது. வெட்டிய உயரமும் கணக்கில் வரும். கன்று அந்த உயரத்தை எட்டும் முன் கழிந்த காலம் வெட்டுமுகத்தில் பதிந்திருக்காது. தேக்கு முதல் ஆண்டில் விரைந்து உயர்வதால் 20 செ.மீ.க்கு ஓராண்டைக் கூட்டினாலே போதும். பழைய வேரிலிருந்து துளிர்த்த மரமாக இருந்தால் அதையும் கூட்ட வேண்டாம்.

அண்ணன் தம்பி இருவருக்கும் வயதில் கருத்து வேறுபாடு இருந்தது. "அண்ணே, முப்பத்தைந்து வருஷ மரம், நான் பள்ளிக்கூடம் போகும்போதே நின்றது" என்பது தம்பியின் நினைவு. தாம் 1995இல் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது அந்த வரப்பு வெறுமையாக இருந்தது என்பது நண்பரின் நினைவு. வரப்பில் இன்னும் எட்டு மரங்கள் நிற்கின்றன. வாங்க வந்த வியாபாரி, மரம் பெருக்கும் காலம் முடிந்துவிட்டது, இனி வைத்திருப்பதில் பயனில்லை என்று சொல்லியிருந்தார். ஆகவே தீர்க்க வேண்டியவை இரண்டு: மொத்த வயதும், அண்மை ஆண்டுகளின் வளர்ச்சியும். இந்த இரண்டுக்கும் தேவைப்படும் துல்லியம் ஒன்றல்ல. இருபத்தெட்டில் ஒரு வளையம் தவறினால் ஆயுட்காலச் சராசரி நான்கு விழுக்காட்டுக்கும் குறைவாகவே மாறும். கடைசி நான்கு ஆண்டுகளின் வளர்ச்சியைக் கணக்கிடும்போது அதே ஒரு வளையம் தவறினால் விடையில் கால்பங்கு பிழை வந்துவிடும்.

வந்த படத்தையே எண்ணுதல்

வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பும் படம், நீளவாட்டில் சுமார் 1600 படப்புள்ளிகளுக்குச் சுருங்கிவிடுகிறது. நண்பருக்கு வந்த படத்தில் ஒரு மி.மீ. மரத்துக்குக் கிடைத்தவை 2.4 புள்ளிகள் மட்டுமே. எட்டு மி.மீ. அகல வளையத்துக்கு இது தாராளமாகப் போதும். ஒரு மி.மீ. சொச்சம் அகலமுள்ள வளையம் அதே படத்தில் மூன்று புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அதன் எல்லைக்கோடு பக்கத்து வளையத்தோடு கலந்து போகும்.

இந்த மரத்தில் நடுப்புள்ளியிலிருந்து பட்டை வரையான ஆரம் திசைக்குத் திசை மாறியது. மிக நீண்ட ஆரம் 236 மி.மீ., மிகக் குறுகியது 193 மி.மீ. நீண்ட பக்கத்தில் எண்ணியபோது 31 வந்தது; குறுகிய பக்கத்தில் 26 வந்தது. ஒரே மரம், ஒரே படம், ஐந்து ஆண்டு வேறுபாடு. இது கண்ணின் குறையன்று. இரு பக்கங்களிலும் இரு வேறு பிழைகள் நிகழ்ந்திருந்தன. வளையம் அகலமாக உள்ள பக்கத்தில் பொய்வளையங்கள் தெளிவாகத் தெரிகின்றன. நம் டெல்டாப் பகுதியில் தென்மேற்குப் பருவமழைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இடையே நீண்ட காய்ச்சல் வந்தால் வளர்ச்சி தளர்ந்து, மழை பெய்ததும் மீள்கிறது. அந்தத் தளர்ச்சியும் ஒரு வட்டமாகப் பதிகிறது. குறுகிய பக்கத்திலோ பொய்வளையங்கள் மறைந்துவிடுகின்றன, ஆனால் மெலிந்த உண்மை வளையங்களும் சேர்ந்தே மறைகின்றன. பார்க்க அழகான, எண்ண எளிதான பக்கத்தையே கண் தேடிப் போவதால், இம்முறை பெரும்பாலும் வயதைக் கூட்டிச் சொல்லும்.

மரம் பத்தாண்டுக்கு உட்பட்டதா, ஐம்பதைத் தாண்டியதா என்ற அளவில் தெரிந்தால் போதும் என்பவருக்கு இந்த முறை போதும். நண்பரின் கேள்விக்குப் போதாது.

மூலப் படமும் நான்கு கோடுகளும்

அதே படத்தைக் கோப்பாக, அதாவது ஆவணம் அனுப்பும் வழியில் தம்பி மறுபடி அனுப்பியபோது, 4000க்கு 3000 புள்ளி அளவில் முழுப்படம் கிடைத்தது. கட்டையின் மேல் வைத்திருந்த 30 செ.மீ. அளவுகோல் 1800 புள்ளிகளுக்கு நீண்டது, அதாவது மி.மீ.க்கு 6 புள்ளி. கூடுதல் செலவு எதுவும் இல்லாமல் தெளிவு இரண்டரை மடங்காயிற்று. படம் அனுப்பச் சொல்லும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

இந்தப் படத்தில் நடுப்புள்ளியிலிருந்து நான்கு திசைகளுக்குக் கோடு வரைந்து, ஒவ்வொரு கோட்டிலும் எல்லை தெரியும் இடமெல்லாம் புள்ளி வைத்தோம். தேக்கின் அடிப்பாகம் பள்ளமும் மேடுமாக இருக்கும். பள்ளத்தில் வளையங்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிவிடும் என்பதால் கோடுகளை அவற்றைத் தவிர்த்தே போட வேண்டும். எண்ணும் திசையும் முக்கியம்: பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ண வேண்டும். வெட்டிய ஆண்டு உறுதியாகத் தெரியும். நட்ட ஆண்டைத்தான் தேடுகிறோம். தெரிந்த முனையிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு வளையத்துக்கும் உடனே ஆண்டு எழுதிவிடலாம்.

நான்கு கோடுகளும் 28, 28, 29, 27 என்று கொடுத்தன. பலர் இங்கே சராசரி எடுத்துவிடுகிறார்கள். அது கூடாது. மரத்துக்கு வயது ஒன்றுதான்; வேறுபட்ட கோட்டில் எங்கே என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான வழி, பட்டையிலிருந்து பத்தாவது, இருபதாவது எல்லைகளைச் சுற்றிலும் பின்தொடர்ந்து, ஒரு கோட்டின் பத்தாவது அடுத்த கோட்டின் பத்தாவதில் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது. சேராவிட்டால் தவறு அந்தப் பத்துக்குள் இருக்கிறது. அங்கே மட்டும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தால் போதும்.

29 வந்த கோட்டில், நடுவிலிருந்து ஆறாவது வளையத்துக்குப் பின்னர் ஒரு கூடுதல் வட்டம் இருந்தது. அதைத் தொடர்ந்து போனால் வட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு முன்பே மங்கி மறைந்துவிட்டது. மேலும் உண்மை எல்லையில் உட்புறம் இறுகிய மரம், சட்டென்று அதை அடுத்து அகன்ற துளை வரிசை என்ற கூர்மை இருக்கும். இந்த வட்டத்திலோ இருபுறமும் துளைகள் படிப்படியாகவே மாறின. சுற்றி முடியாமை, கூர்மையின்மை என்ற இரண்டு அடையாளங்களும் ஒன்றாக இருந்ததால் அது பொய்வளையம் என்று நீக்கப்பட்டது. ஓர் அடையாளம் மட்டும் இருந்தால் நான் நீக்கத் தயங்குவேன்.

27 வந்த கோட்டில் தவறு பட்டையை ஒட்டி இருந்தது. மற்ற மூன்று கோடுகளிலும் பட்டையிலிருந்து ஐந்தாவதும் ஆறாவதும் மெலிந்த இரு வளையங்களாகத் தெரிந்தன. குறுகிய ஆரத்தில் அவை ஒன்றாக ஒட்டியிருந்தன. பட்டையிலிருந்து எண்ணினால் ஆறாவது 2019க்கும் ஐந்தாவது 2020க்கும் உரியவை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து பட்டுக்கோட்டைப் பகுதியைச் சூறையாடியது. தலைக்கிளைகள் முறிந்த மரம், மறு ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தழையை மீட்பதிலேயே தன் உணவைச் செலவிட்டிருக்க வேண்டும். கொம்பு முறிந்து நின்றதைத் தம்பியும் உறுதிப்படுத்தினார். எட்டாவது வளையமும், அதாவது 2017உம், பக்கத்து வளையங்களைவிட மெலிந்திருந்தது; 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பொய்த்ததை அடுத்த ஆண்டு அது. இவ்வாறு ஊரறிந்த நிகழ்ச்சி ஒன்று எதிர்பார்த்த இடத்தில் வளையத்தில் தெரிவது, எண்ணிக்கை நழுவவில்லை என்பதற்கு நல்ல சான்று. மெலிந்த வளையம் நான்காவதாகவோ ஏழாவதாகவோ வந்திருந்தால் எண்ணியதில் ஐயப்பட்டிருக்க வேண்டும்.

ஆக 28 வளையங்கள். முதல் வளையம் 1997. உயரத்துக்காக ஓராண்டு கூட்டினால் 1996 மழைக்கு நட்ட கன்று. வரப்பு 1995இல் வெறுமையாக இருந்தது என்ற நினைவோடு இது ஒத்துப்போகிறது, முப்பத்தைந்து என்ற கணக்கோடு ஒத்துப்போகவில்லை.

மென்பொருள் எதில் உதவும்

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் உருவான `ImageJ` என்ற இலவச மென்பொருளில், படத்தின் மேல் ஒரு கோடு வரைந்து `Analyze > Plot Profile` என்று கொடுத்தால், அக்கோட்டின் வழியே வெளிச்சம் கூடிக் குறைவது மேடுபள்ளமான வரைபடமாக வரும். பள்ளங்களை எண்ணினால் வளையம் எண்ணியதாகும் என்பது எண்ணம். நண்பரின் படத்தில் ஒரு புள்ளி அகலக் கோட்டில் 37 பள்ளங்கள் வந்தன. கோட்டை 50 புள்ளி அகலமாக்கிச் சராசரி எடுத்தபோது 25 வந்தன. முதலாவதில் இயந்திர ரம்பத்தின் கீறல்களும் தனித்தனித் துளைகளும் வளையங்களாகக் கணக்கில் சேர்ந்துவிட்டன. இரண்டாவதில் மெலிந்த வளையங்கள் சமன்பட்டுக் கரைந்துபோயின. உள்ளே பழுப்பான வைரப்பகுதி முடிந்து, வெளியே வெளிறிய பகுதி தொடங்கும் இடத்தில் வரும் பெரிய நிறமாற்றத்துக்கும் வளையத்துக்கும் தொடர்பு இல்லை. வரைபடத்துக்கு அது தெரியாது. எதைப் பின்தொடர வேண்டும், எது சுற்றி முடியவில்லை என்று பார்க்கும் வேலையைக் கண்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் எண்ணி முடித்த வளையங்களை அளப்பதற்கு இதற்கு இணை இல்லை. படத்திலுள்ள அளவுகோலின் மேல் கோடு போட்டு `Analyze > Set Scale` பெட்டியில் அதன் உண்மை நீளத்தைக் கொடுத்துவிட்டால், பிறகு வரையும் எல்லாக் கோடுகளும் மி.மீ.யிலேயே வரும். இங்கே ஒரு சோதனை தவறாமல் செய்ய வேண்டும். கட்டையின் அருகு ஓரத்திலும் தூர ஓரத்திலும் ஒரே அளவுகோலை வைத்து எடுத்த படத்தில் இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். அருகே 1800 புள்ளியும் தூரத்தில் 1650 புள்ளியும் வந்தால் படம் சாய்ந்து எடுக்கப்பட்டிருக்கிறது. சாய்ந்த படம் எண்ணிக்கையைக் கெடுப்பதில்லை. அகலத்தை எட்டு விழுக்காடும், அதன் வர்க்கமான பரப்பை ஏறக்குறைய இருமடங்கும் பிழையாக்குகிறது. நாணயத்தை அளவாக வைப்பது வழக்கம் என்றாலும், 27 மி.மீ. அகலப் பத்து ரூபாய் நாணயத்தில் ஒரு மி.மீ. தவறினால் முழுக் கட்டையும் நான்கு விழுக்காடு தவறும். அளவுகோல் இல்லையென்றால் 297 மி.மீ. நீளமுள்ள ஏ4 தாள் மேலானது. எதை வைத்தாலும் அது வெட்டுமுகத்தின் மேலேயே கிடக்க வேண்டும். கட்டைக்குப் பக்கத்துத் தரையில் வைத்தால், தரை கேமராவுக்குத் தூரம் என்பதால், மரம் உள்ளதைவிடப் பெரிதாக அளக்கப்படும்.

பெருக்கம் நின்றதா?

நான்கு ஆரங்களின் சராசரியாக, பட்டை நீக்கி, அளந்ததில் பத்தாவது வளையத்தின் முடிவில் ஆரம் 105 மி.மீ., பதினெட்டாவதில் (2014) 160, இருபத்திரண்டாவதில் (2018) 185, இருபத்து நான்காவதில் (2020) 190, கடைசியில் (2024) 214. முதல் பத்தாண்டில் ஆண்டுக்கு 10.5 மி.மீ. அகலமாக இருந்த வளையம், அடுத்த எட்டாண்டில் சராசரி 6.9 ஆகவும், கடைசிப் பத்தாண்டில் 5.4 ஆகவும் சுருங்கியிருக்கிறது. இதைக் கண்ணால் பார்ப்பவர் எவரும் வியாபாரியின் கூற்றை ஒப்புக்கொள்வார்.

ஆனால் மரம் தடிக்கத் தடிக்க, அதே அளவு மரத்தை இன்னும் நீண்ட சுற்றளவில் பரப்ப வேண்டியிருப்பதால், வளையம் மெலிவது இயல்பே. குடத்தின் அடியைச் சுற்றிப் பூசும் அதே மண், வயிற்றைச் சுற்றிப் பூசும்போது மெல்லியதாகப் படியும். ஆகவே ஒப்பிட வேண்டியது அகலத்தையன்று, ஆண்டுதோறும் கூடிய வெட்டுமுகப் பரப்பை.

```
பரப்பு (ச.செ.மீ.) = 3.1416 × R × R ÷ 100     R: ஆரம், மி.மீ.
ஆண்டுப் பெருக்கம் = (பிந்தைய பரப்பு − முந்தைய பரப்பு) ÷ ஆண்டுகள்
```

இதன்படி முதல் பத்தாண்டில் ஆண்டுக்கு 35 ச.செ.மீ., அடுத்த எட்டாண்டில் 57, 2015 முதல் 2018 வரை 68. கஜாவுக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் இது 29க்குச் சரிந்திருக்கிறது. 2021 முதல் 2024 வரை 76க்கு ஏறியிருக்கிறது. அதாவது மெலிந்து வந்த வளையங்களுக்குள் பெருக்கம் கூடிக்கொண்டே வந்து, புயலில் விழுந்து, முன்னினும் மேலாக மீண்டிருக்கிறது. கடைசிப் பத்தாண்டுக்கு ஒரே சராசரியாக 63 என்று மட்டும் சொல்லியிருந்தால் இந்த விழுச்சியும் மீட்சியும் தெரிந்திருக்காது. 2019, 2020 வளையங்களை ஒன்றாக எண்ணியிருந்தாலோ, எண்ணிக்கை ஓராண்டு நகர்ந்து, புயலுக்கு முந்தைய வளையம் ஒன்று புயல் ஆண்டாகக் கணக்கில் ஏறியிருக்கும்.

இந்த எண்களை மரக்கன அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடிக்கட்டை வேர்ப்புறம் பருத்திருக்கும் என்பதால், நெஞ்சளவு உயரத்தில் உள்ள பெருக்கத்தைவிட இது கூடுதலாகவே காட்டும். ஒரே இடத்தில் அளந்த எண்களை ஆண்டுக்கு ஆண்டு தமக்குள் ஒப்பிடுவதற்கு மட்டுமே அவை தகும். அப்படி ஒப்பிட்டதில் இந்த மரம் நின்றுவிட்டது என்பதற்குச் சான்று இல்லை. ஒரு மரத்தைக் கொண்டு மற்ற எட்டுக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆயினும் நிற்கும் மரங்களின் சுற்றளவை நெஞ்சளவு உயரத்தில் இப்போதே நாடாவால் அளந்து, அதே இடத்தில் வண்ணக்குறி வைத்து, அடுத்த பிப்ரவரியில் மறுபடி அளந்தால் ஒவ்வொன்றின் நிலையும் தெரிந்துவிடும். விற்பனையை ஓராண்டு தள்ளிவைக்கலாம் என்று நண்பருக்குச் சொன்னதற்கு இதுவே காரணம்.

இழைத்துத் தேய்த்தல்

நான்காம் வழி அதிக உழைப்பைக் கேட்பது; உறுதியும் அதில்தான் அதிகம். முழு முகத்தையும் தேய்க்க வேண்டியதில்லை. நடுப்புள்ளி வழியாகப் பட்டை முதல் பட்டை வரை நான்கு விரற்கடை அகலக் கீற்றொன்றை இழைப்புளியால் சீவி, 80, 120, 240 எண் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, ஈரத்துணியால் ஒற்றினால் துளை வரிசைகள் எழுந்து நிற்கும். நிழலில், நேர் மேலிருந்து, கைப்பேசியைக் கிட்டக் கொண்டுபோகாமல் ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்து, இருமடங்குப் பெரிதாக்கும் வில்லையால் எடுப்பது நல்லது. அகல வில்லை ஓரங்களை இழுத்துக் காட்டும். அந்தக் கீற்றைப் பகுதி பகுதியாக, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி படம் எடுத்து அனுப்பினால் இன்னும் தெளிவு.

தம்பி ஒரு மாலையில் இதைச் செய்து அனுப்பினார். ரம்பக் கீறல்கள் போய், 2019உம் 2020உம் குறுகிய பக்கத்திலும் தனித்தனியே தெரிந்தன. எண்ணிக்கை 28ஆகவே நின்றது. நான்கு கோடுகளும் முதலிலேயே ஒத்திருந்தால், அல்லது வேறுபாட்டுக்குக் காரணம் படத்திலேயே விளங்கினால், இந்த உழைப்பை ஊரில் உள்ளவர் தலையில் போட வேண்டியதில்லை என்பது என் கருத்து. பட்டையை ஒட்டிய பத்து வளையங்களுக்குள் தீராத ஐயம் இருந்து, அந்தப் பத்தாண்டின் வளர்ச்சியைக் கொண்டே விற்பனையை முடிவு செய்ய வேண்டியிருந்தால் கேட்கத்தான் வேண்டும். அப்போதும் அந்தப் பத்து வளையங்கள் உள்ள வெளிப்பகுதியை மட்டும் தேய்த்தால் போதும்.

ஆகவே வயதுக்கு மூலப் படமும் நான்கு கோடுகளும், அகலத்துக்கு மென்பொருளின் அளவுகோல், ஐயம் தீராத இடத்துக்கு மட்டும் உப்புத்தாள் என்ற வரிசையையே நான் தேர்வேன். நடு அழுகிப்போன கட்டைக்கு இந்த நான்கில் எதுவும் வயதைத் தராது. அங்கே மிஞ்சிய மரத்தில் எண்ணியதை "குறைந்தது இத்தனை ஆண்டு" என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். அழிந்த பகுதியின் ஆரத்தை வெளிவளையங்களின் அகலத்தால் வகுத்து நிரப்புவதும் உதவாது, ஏனெனில் இந்த மரத்தில் கண்டதுபோல உள்வளையங்கள் வெளியில் உள்ளவற்றைப்போல இருமடங்கு அகலமாக இருக்கலாம், அப்போது வயது அளவுக்கு மீறிக் கூடிவிடும். ஆனால் அண்மை ஆண்டுகளின் பெருக்கத்தை மட்டும் கேட்பவருக்கு அழுகிய நடு ஒரு தடையில்லை; பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணும் வளையங்கள் அப்படியே இருக்கின்றன, ஆரத்துக்கு வேண்டிய நடுப்புள்ளியை வெளிவட்டத்தின் வளைவைக் கொண்டு குறித்துக்கொள்ளலாம்.